கோயில், குருத்வாரா, தேவாலயம், பள்ளிவாசல்: முதன்முறை செல்வோருக்குச் சென்னையில் ஒரு நாள்

பிற சமயத்தவரின் வழிபாட்டிடத்துக்கு முதன்முறையாகச் செல்ல விரும்பும் மாணவர்களையும் வெளியூர் விருந்தினர்களையும் சில ஆண்டுகளாக நான் சென்னையில் அழைத்துச் சென்று வருகிறேன். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், தியாகராய நகர் ஜி.என்.செட்டி சாலையிலுள்ள குருத்வாரா, சாந்தோம் பேராலயம், திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் ஆகிய நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. தலையை எங்கே மூடுவது, காலை எந்தப் பக்கம் நீட்டக் கூடாது, கொடுக்கப்படுவதை வாங்கலாமா கூடாதா என்ற மூன்றையும் சுற்றியே அவை வருகின்றன. அந்த நாளில் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முந்தைய இரவு: உடையும் பையும்

நான்கு இடங்களுக்கும் பொருந்தும் ஒரே உடையைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஆண்கள் கணுக்கால் வரையிலான தளர்வான பருத்திக் கால்சட்டையோ வேட்டியோ, கையுள்ள சட்டையோடு அணியலாம். பெண்களுக்குப் புடவை பொருந்தும். சுடிதார் என்றால், இரண்டு மீட்டருக்குக் குறையாத பருத்தித் துப்பட்டா இருக்க வேண்டும். வழுவழுப்பான செயற்கை இழைத் துப்பட்டா தலையில் நிற்காது. குனியும்போதெல்லாம் சரியும், அதைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விடும்.

தளர்வான உடையை நான் வலியுறுத்துவதற்கு மறைப்பதை விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. குருத்வாராவிலும் பள்ளிவாசலிலும் தரையில்தான் அமர வேண்டும். இறுக்கமான ஜீன்ஸ் அணிந்தவரால் பத்து நிமிடத்துக்கு மேல் சம்மணமிட முடியாது; தம்மையறியாமல் காலை நீட்டிவிடுவார். அங்கே குறையாகப் பார்க்கப்படுவது அந்த நீட்டிய கால்தான்.

ஆண்கள் ஒரு பெரிய சதுரக் கைக்குட்டையைக் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வைக்கும் சிறிய கைக்குட்டை தலையைச் சுற்றி முடிச்சுப் போடப் போதாது. ஒரு பக்கம் முக்கால் மீட்டராவது இருக்கட்டும். கிரிக்கெட் ஆட்டக்காரர் அணிவது போன்ற தொப்பி இதற்கு மாற்றாகாது. ஈரக் காலோடு விரிப்பில் ஏறாமலிருக்க ஒரு சிறு துவாலையும், குனிந்து கயிறு அவிழ்க்கத் தேவையில்லாத செருப்பும் போதும்.

பையிலிருந்து எடுத்துவிட வேண்டியவற்றில் முதலாவது சிகரெட்டு. பீடி, பான் மசாலா, மது ஆகியவையும் கூடாது. எங்கும் இது பொது ஒழுங்குதான் என்றாலும் குருத்வாராவில் மிகவும் கண்டிப்பானது. சீக்கிய நெறியில் புகையிலை முழுவதுமாக விலக்கப்பட்டது. புகைக்காமல் பையில் வைத்திருந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் வாசலில் நின்று பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, சிகரெட்டுப் பெட்டியைச் செருப்புக்குள் ஒளித்து வைக்கப் போனார். அந்தச் செருப்பையும் ஒரு தொண்டர் கையால் எடுத்து வைப்பார் என்று நான் சொன்ன பிறகே, தெருமுனை வரை நடந்து அதை அப்புறப்படுத்திவிட்டு வந்தார்.

2. நாளின் வரிசை

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள், குருத்வாராவில் வழிபாடும் சமூக உணவும் முழு அளவில் நடப்பது அன்றுதான். காலையில் கோயில், முற்பகலில் குருத்வாரா, பிற்பகலில் தேவாலயம், மாலை ஐந்தை ஒட்டிப் பள்ளிவாசல் என்பது என் வரிசை.

இதற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. கோயில் நடை நண்பகலில் சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும். வெயில் ஏறிய பின் பிரகாரக் கருங்கல்லில் வெறுங்காலோடு நிற்கவும் முடியாது. பிற்பகலில் பூசை நடவாத நேரமாகப் பார்த்துச் சென்றால் தேவாலயத்தை அமைதியாகப் பார்க்கலாம். பள்ளிவாசலில் அஸர் எனப்படும் பிற்பகல் தொழுகை முடிந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரையுள்ள இடைவெளியே விருந்தினருக்கு ஏற்றது. மஃரிப் சூரியன் மறைந்ததும் தொடங்குவதால், அதன் நேரம் நாளுக்கு நாள் சிறிது மாறும். போகும் நாளின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகையின்போது பார்வையாளராகப் போக வேண்டாம். நிற்கவும் இடமிருக்காது, உங்களோடு பேச யாருக்கும் நேரமும் இருக்காது.

3. வாசலில் தலையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்

அதிகமாகக் குழம்புவது இங்கேதான். கோயிலில் ஆண்கள் தலைத்துண்டையும் தொப்பியையும் எடுத்துவிட வேண்டும். குருத்வாராவில் ஆண், பெண், குழந்தை அனைவரும் தலையை மூட வேண்டும். தேவாலயத்தில் ஆண்கள் தலை திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குக் கட்டாயம் இல்லையென்றாலும் தமிழ்ப் பெண்கள் பலர் முந்தானையால் மூடிக்கொள்வார்கள். பள்ளிவாசலில் பெண்கள் தலைமுடி தெரியாமல் மூட வேண்டும். ஆண்கள் தொப்பி அணிவது வழக்கம், விருந்தினருக்கு அது கட்டாயம் அல்ல.

குருத்வாராவில் கட்டிய கைக்குட்டையோடு சாந்தோமுக்குள் நுழைவதே ஆண்கள் செய்யும் வழக்கமான பிழை. வண்டியில் ஏறும்போதே அவிழ்த்துவிட்டால் மறக்காது.

4. கோயில்

பெரும்பாலான வாசகருக்கு இது பழகிய இடமாகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்து அல்லாத விருந்தினர் உடன் வந்தால், முதலில் வாசல் பலகையைப் படியுங்கள். தமிழகக் கோயில்கள் பலவற்றில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதியில்லை. பழனி கோயில் தொடர்பான வழக்கில் 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவும் இதையே கூறியது. நம்பிக்கையோடு தரிசிக்க விரும்பும் மாற்றுச் சமயத்தவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் செல்லலாம் என்றும் அதில் இருந்தது. விருந்தினரை வரிசையில் நிறுத்திய பிறகு வெளியே அனுப்ப நேர்வது இரு தரப்புக்கும் சங்கடம். எனவே எல்லை எதுவென்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வெளிப்பிரகாரத்தைச் சுற்றி வந்தாலே பார்க்க நிறைய இருக்கிறது.

கபாலீசுவரர் சந்நிதி மேற்கு நோக்கியது. உயர்ந்த கிழக்குக் கோபுரத்தின் வழியே நுழைபவர் கருவறையின் பின்புறத்தில்தான் வந்து சேர்கிறார். கொடிமரத்தையும் நந்தியையும் காண மேற்கே சுற்றிச் செல்ல வேண்டும். வலம் வருவது எப்போதும் சந்நிதி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படியாகவே. நந்திக்கும் மூலவருக்கும் நடுவே குறுக்கே போவதைத் தவிர்க்க வேண்டும், நின்று படம் எடுப்பது அதைவிடத் தவறு. விழுந்து வணங்குவது கொடிமரத்தருகே மட்டும், தலை வடக்கே இருக்குமாறு. வேறிடத்தில் விழுந்தால் ஏதேனும் ஒரு சந்நிதியை நோக்கிக் கால் நீளும்.

திருநீற்றை வலக்கையில், இடக்கை கீழே தாங்க, வாங்குங்கள். அர்ச்சகர் மேலிருந்து இடுவார். கையைத் தொடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். பூசியது போக மீந்ததைத் தூணிலோ சிலையின் மடியிலோ தட்டுவது தவறு. அது கல்லையும் கெடுக்கும், துடைப்பவருக்கும் வேலை. ஒரு தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கைப்பேசியைப் பொறுத்தவரை, கோயில்களுக்குள் அதைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அணைத்துப் பையில் வைத்துவிடுவதோ காப்பகத்தில் கொடுப்பதோ நல்லது.

5. குருத்வாரா

தமிழருக்குக் குறைவாகப் பழகிய இடம் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. உள்ளே நடப்பவை எல்லாம் ஒரே செய்தியிலிருந்து வருகின்றன: சீக்கியருக்குக் குரு கிரந்த் சாகிப் ஒரு நூல் மட்டுமல்ல, அதுவே வாழும் குரு. பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் 1708இல் தமக்குப் பின் கிரந்தமே குரு என்று அறிவித்தார். ஆகவே அது மேடையில், விதானத்தின் கீழ், பட்டு விரிப்பின் மேல் வீற்றிருக்கும். பின்னால் ஒருவர் அரசருக்கு வீசுவது போலச் சாமரம் வீசுவார். இரவில் அதைத் தனி அறையில் துயில வைத்து, விடியலில் மீண்டும் எழுந்தருளச் செய்கிறார்கள். அந்தக் கூடத்துக்குத் தர்பார் என்று பெயர். ஓர் அரசவையில் எப்படி நுழைவோம், எப்படி அமர்வோம் என்று நினைத்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

முதலில் செருப்பு வைக்குமிடம். அங்கே தொண்டர்கள் இருந்தால் இரண்டு செருப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கையில் கொடுங்கள். காலால் தள்ளி வைக்க வேண்டாம். அடுத்து தலையை மூடுங்கள். துணி இல்லாதவர்களுக்கு வாசலில் ஒரு பெட்டியில் துணிகள் இருக்கும், திரும்பும்போது அதிலேயே போட்டுவிட வேண்டும். அதன் பிறகு கை, கால்களைக் கழுவித் துவாலையால் துடையுங்கள். இந்த வரிசை மாறினால் ஈரக் கையோடு துணியைக் கட்ட வேண்டி வரும். முடிச்சு பின்கழுத்தில் இருக்கட்டும். நெற்றியை முழுவதும் மூட வேண்டியதில்லை.

தர்பாருக்குள் நடுவே விரிப்பு ஒன்று மேடை வரை நீண்டிருக்கும். அதன் வழியே மெதுவாகச் சென்று, மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவார்கள். உங்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லையென்றால், கைகூப்பித் தலைதாழ்த்தினால் போதும். யாரும் குறையாக நினைப்பதில்லை. முன்னால் உண்டியல் இருக்கும். காணிக்கை போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். எழுந்ததும் திடீரெனத் திரும்பி முதுகைக் காட்டாமல், சில அடி பின்வாங்கி, பக்கவாட்டில் சென்று அமருங்கள். ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் இரு பக்கமாக அமர்ந்திருப்பார்கள். உங்களுக்குரிய பக்கத்தின் பின்பகுதியே புதியவருக்கு வசதி.

அமர்ந்தபின் சம்மணம் கலையக் கூடாது. கால் வலித்தால் நீட்டாமல் பின்புறமாக மடித்து மாற்றுங்கள், அல்லது எழுந்து வெளியே போய்வாருங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் தொண்டரிடம் சொன்னால் சுவரோரமாக உட்கார வழிசெய்வார்கள். இறுதியில் அர்தாஸ் என்னும் பொது வேண்டுதலுக்கு எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்பார்கள். நீங்களும் எழ வேண்டும். சொற்கள் புரியாவிட்டாலும் மற்றவர்கள் குனியும்போது பார்த்துக்கொண்டால் போதும். அதன் பின் கிரந்தத்திலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும். அது முடியும் வரை வெளியேறாதீர்கள், குரு அன்று சொல்லும் சொல்லாக அது கருதப்படுகிறது.

பிறகு கடா பிரசாதம் வரும். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்த்துக் கிளறியது. நம் ஊர் அல்வாவை விடத் தளர்வாக, சூடாக இருக்கும். உட்கார்ந்தபடியே இரு கைகளையும் குவித்து நெஞ்சுயரத்தில் நீட்டுங்கள். ஒற்றைக் கையால் வாங்குவதே இங்கே நான் அடிக்கடி காணும் பிழை. நெய் வழியும், கீழே சிந்தினால் விரிப்பு கெடும். சர்க்கரை நோயாளிகள் "தோடா" என்று மெல்லச் சொன்னால் சிறு உருண்டையாகக் கொடுப்பார்கள். வாங்கி வைத்துவிட்டு மறைவாகக் குப்பையில் போடுவதை விட, கேட்டுக் குறைவாக வாங்குவதே மரியாதை. கையில் ஒட்டிய நெய்யை உள்ளங்கைகளில் தேய்த்துக்கொள்வார்கள். உடையிலோ விரிப்பிலோ துடைப்பதில்லை.

கீழே லங்கர் என்னும் சமூக உணவுக்கூடம். யாராக இருந்தாலும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பதுதான் அதன் அடிப்படை. ஆகவே தனியாக நின்று சாப்பிடுவதும், குழுவுக்கென்று இடம் பிடித்து வைப்பதும் பொருந்தாது. வரிசையில் அடுத்துக் காலியாக இருக்கும் இடத்தில் உட்காருங்கள். தலைத்துணி அங்கேயும் இருக்க வேண்டும். தொண்டர்கள் "தால் ஜி", "பர்ஷாதா ஜி" என்று கூவிக்கொண்டே வருவார்கள். பர்ஷாதா என்பது ரொட்டி; அதைத் தட்டில் போடச் சொல்லாமல் இரு கைகளையும் விரித்து வாங்க வேண்டும். பருப்பும் காய்கறியும் மீண்டும் மீண்டும் வரும், எனவே முதலில் குறைவாக வாங்குங்கள். தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தாலோ "பஸ் ஜி" என்று சொன்னாலோ போதுமென்று பொருள். மிச்சம் வைப்பதை இங்கே வருத்தத்தோடு பார்ப்பார்கள், அந்த உணவு முழுவதும் யாரோ கொடுத்த பொருளாலும் உழைப்பாலும் ஆனது. முடிந்ததும் தட்டை நீங்களே எடுத்துச் சென்று கழுவுமிடத்தில் கொடுங்கள். விருப்பமிருந்தால் பாத்திரம் கழுவ நின்றுகொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இடம்விட்டு நகர்ந்துகொள்வார்கள்.

6. தேவாலயம்

சாந்தோம் பேராலயம் புனித தோமாவின் கல்லறை மேல் எழுப்பப்பட்டதாக நம்பப்படும் கத்தோலிக்கத் திருத்தலம். இன்றுள்ள கட்டடம் 1896இல் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றுவது தேவாலயத்துக்குத் தேவாலயம் மாறும். வாசலில் செருப்புகள் கிடந்தால் கழற்றுங்கள், ஐயமிருந்தாலும் கழற்றுங்கள்.

நுழைவாயிலில் தீர்த்தக் கிண்ணம் இருக்கும். கத்தோலிக்கர் விரல் நனைத்துச் சிலுவை அடையாளமிடுவார்கள். மற்றவர்கள் அதைப் பின்பற்றத் தேவையில்லை, கோயில் தீர்த்தம் போல அருந்தவும் கூடாது. பீடத்தின் அருகே சிறு விளக்கு எரியும் இடத்தில் நற்கருணைப் பேழை இருக்கிறது. அந்தத் திசை நோக்கித் தலைதாழ்த்திவிட்டு இருக்கையில் அமருங்கள். பீடத்தின் படிகளில் ஏறக் கூடாது. பாவசங்கீர்த்தனக் கூண்டின் அருகே நிற்கவும் கூடாது. இருக்கைக்கு முன்னாலுள்ள நீளப் பலகை மண்டியிடுவதற்கானது, அதில் கால் வைக்க வேண்டாம்.

பூசையின்போது சென்றால் பின்வரிசையில் அமர்ந்து, மற்றவர்கள் நிற்கும்போது நில்லுங்கள். மண்டியிடும்போது அமைதியாக அமர்ந்திருக்கலாம். சமாதான வாழ்த்தின்போது அருகிலிருப்பவர்கள் உங்களை நோக்கிக் கைகூப்புவார்கள், நீங்களும் கைகூப்புங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது நற்கருணை. கோயிலிலும் குருத்வாராவிலும் பிரசாதம் வந்தவர் எவருக்கும் உரியது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வரிசையில் நின்றுவிடுவார்கள். ஆனால் நற்கருணை கத்தோலிக்க நம்பிக்கையில் கிறிஸ்துவின் உடல். திருமுழுக்குப் பெற்று, அதற்கென ஆயத்தம் செய்த கத்தோலிக்கர் மட்டுமே உட்கொள்வர். ஒரு தேவாலயத்தில், என்னோடு வந்த மாணவர் ஒருவர் நான் கவனிக்கும் முன்பே வரிசையில் போய், கையில் வாங்கிய அப்பத்தைத் தம் அம்மாவுக்குக் கொண்டுபோகக் கைக்குட்டையில் மடித்துவிட்டார். திருநீற்றை மடிப்பதுபோல அன்போடு செய்தது அது. உதவியாளர் ஓடிவந்து பணிவாகத் திரும்பக் கேட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பதற்றமே இருந்தது. முன்கூட்டிச் சொல்லாதது என் பிழை. அன்றிலிருந்து தேவாலய வாசலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்: வரிசை எழும்போது இருக்கையிலேயே இருங்கள், பக்கத்தில் இருப்பவர் போக வழிவிட முழங்காலை மட்டும் ஒதுக்குங்கள். தவறி வாங்கிவிட்டால் உடனே குருவானவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

7. பள்ளிவாசல்

1795இல் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு முதல் நாளே தகவல் சொல்லுங்கள். இந்தப் பள்ளிவாசல் மட்டுமல்ல, எந்தப் பள்ளிவாசலானாலும் அலுவலகத்திலோ, பாங்கு சொல்லும் மோதினாரிடமோ "பார்க்க வரலாமா, எந்த நேரம் வசதி?" என்று கேட்பதே முதல் படி. குழுவில் பெண்கள் இருந்தால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். தமிழகத்தில் பல பள்ளிவாசல்களின் உள்பள்ளியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பதில்லை. எங்கு வரை செல்லலாம் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். வாசலில் வந்தபின் தெரிந்துகொள்வது யாருக்கும் இனிமையாக இராது.

செருப்பைக் கழற்றியபின், அதை அணிந்து நடந்த தரைக்கும் வெறுங்காலுக்கான தரைக்கும் உள்ள எல்லையைப் பாருங்கள். நெற்றி படும் இடம் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டிய தரை முழுவதும் தூய்மையாக வைக்கப்படுகிறது. ஹவுள் எனப்படும் நீர்த்தொட்டியருகே தொழ வருவோர் ஒளு செய்வார்கள், அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவித் தூய்மை செய்துகொள்வார்கள். விருந்தினர் அதைச் செய்ய வேண்டியதில்லை. கால் அழுக்காக இருந்தால் கழுவித் துடைத்துக்கொள்ளலாம். வலது காலை முதலில் எடுத்து வைத்து நுழைவது மரபு.

உள்ளே சிலை எதுவும் இராது. மேற்குச் சுவரில் மாடம் போன்ற மிஹ்ராப் இருக்கும். மக்கா இருக்கும் திசையை அது காட்டுகிறது. கூட்டுத்தொழுகை முடிந்த பிறகும் யாரேனும் தனியாகத் தொழுதுகொண்டிருப்பார்கள். அவருக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே குறுக்கே போகக் கூடாது. மிஹ்ராபை அருகில் பார்க்கும் ஆவலில் புதியவர்கள் செய்வது இதைத்தான். சுற்றி அவருக்குப் பின்னால் போங்கள், அல்லது அவர் சலாம் கொடுத்து முடிக்கும் வரை நில்லுங்கள். அலமாரியிலுள்ள குர்ஆனைத் தாமாக எடுக்க வேண்டாம். பார்க்க விரும்பினால் இமாமிடம் கேளுங்கள். தமிழ் முஸ்லிம்கள் அவரை ஹஜ்ரத் என்று அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழைக்கலாம். வணக்கம் சொன்னால் போதும். எதிர்ப்பாலாரிடம் நீங்களாகக் கைநீட்டாமல் இருப்பது நல்லது. தொழுபவரைப் படம் எடுக்க வேண்டாம்.

பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டால் வரிசைகளுக்கான இடத்தைவிட்டுக் கடைசித் தூணோரம் ஒதுங்குங்கள். முன்வரிசைகளே முதலில் நிரம்பும். நடுவே மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியிராது.

ரமலானில் சென்றால் நோன்பு திறக்க அழைப்பார்கள். இந்தப் பள்ளிவாசலில், மயிலாப்பூரைச் சேர்ந்த சிந்தி இந்துக்களின் சூஃபிதார் அமைப்பினர் பல பத்தாண்டுகளாக வந்து நோன்பாளிகளுக்கு உணவு பரிமாறி வருகிறார்கள். அழைப்பை ஏற்று உட்காரலாம். முன்னால் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வைக்கப்பட்டாலும் பாங்கு ஒலிக்கும் வரை தொடாதீர்கள். நாள் முழுவதும் பசித்திருந்தவர் எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள். சில நிமிடங்களில் அவர்கள் தொழ எழுந்துவிடுவார்கள். உங்கள் கோப்பையையும் சிந்தியதையும் அதற்குள் ஒழுங்குசெய்துவிட்டு, பின்சுவரோரம் அமர்ந்திருங்கள், அல்லது இடது காலை முதலில் வைத்து ஓசையின்றி வெளியே வாருங்கள்.